உப்பு போகும் வழி

நான் படித்த கல்லூரியின் வேதியியல் துறையில், இறுதியாண்டு மாணவர்களின் பிரிவுபசார விழாவுக்குப் பேச வரச் சொல்லியிருந்தார்கள். துறைத்தலைவர் தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான். "பி.எஸ்சி. முடிச்சதிலிருந்து இன்னைக்கு வரைக்கும் படிப்படியா எப்படி வந்தீங்கன்னு சொல்லுங்க. பசங்களுக்கு ஒரு பாதை தெரியும்" என்றார். என் வேலைகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். சாயப்பட்டறை லேப், இன்சூரன்ஸ், கேன் தண்ணீர் கம்பெனிகளுக்கு ஆர்.ஓ. சர்வீஸ், பிறகு சாயக்கழிவுநீர் சுத்திகரிப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படி எதுவும் இருக்கவில்லை. அதனால் பாதை சொல்வதை விட்டுவிட்டு, இந்த வேலைகளில் மூன்று ஒரே இடத்தில் வந்து சேர்ந்த ஒரு சம்பவத்தை மட்டும் சொன்னேன். மேடையில் நேரம் குறைவு. அங்கே சுருக்கியதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

எம்.எஸ்சி. படித்து விரிவுரையாளர் ஆக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே என் வேலை லேப் டிப் போடுவது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு சின்னத் துணித்துண்டை அனுப்பி, இதே நிறம் வேண்டும் என்பார். அதை முதலில் லேபில் கிண்ண அளவில் பிடிக்க வேண்டும். பிடித்த ரெசிபிதான் பிறகு பெரிய மெஷினுக்குப் போகும்.

5 கிராம் பின்னல் துணியை எடுத்துக்கொள்வோம். துணியைப் போல் பத்து மடங்கு தண்ணீர், அதாவது 50 மில்லி. இரண்டு சதவீத நிறம் என்றால் துணியின் எடையில் நூற்றுக்கு இரண்டு, 0.1 கிராம் சாயம். அவ்வளவு சின்ன அளவைத் தராசில் நிறுத்தால் தப்பும். அதனால் ஒரு சதவீதக் கரைசலாகச் சாயத்தைக் கரைத்து வைத்திருப்போம். அதில் 10 மில்லியைப் பைப்பெட்டில் உறிஞ்சினால் கணக்கு சரியாகிவிடும். லிட்டருக்கு 60 கிராம் வீதம் 3 கிராம் உப்பு, லிட்டருக்கு 20 கிராம் வீதம் 1 கிராம் சோடா ஆஷ். 60 டிகிரியில் ஒரு மணி நேரம் சுழலவிட்டு, கழுவி, சோப்பில் கொதிக்கவைத்து, உலர்த்தி, விளக்குப் பெட்டியில் வாடிக்கையாளரின் துண்டோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பகல் வெளிச்சத்தில் பொருந்தும், கடை விளக்கில் பார்த்தால் பச்சை அடிக்கும். மறுபடியும் முதலிலிருந்து.

இந்த உப்பு எதற்கு என்று சேர்ந்த புதிதில் எனக்குச் சரியாகப் புரியவில்லை. புத்தகத்தில் படித்திருந்தேன், கண்ணால் பார்த்ததில்லை. டையிங் மாஸ்டர் ஒரு நாள் உப்பு போடாமல் ஒரு கிண்ணத்தையும் போட்டு ஒரு கிண்ணத்தையும் ஓட்டிக் காட்டினார். முதல் கிண்ணத்தில் துணி வெளிறிப்போய், தண்ணீர் கறுத்து நின்றது. இரண்டாவதில் துணி நிறம் பிடித்திருந்தது. "உப்பு துணிக்குள்ள போறதில்லை தம்பி. சாயத்தை உள்ள தள்ளிவிட்டுட்டு அது வெளியவே நிக்கும்" என்றார்.

பருத்தி நூல் தண்ணீரில் நனைந்தால் அதன் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை வரும். ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறும் எதிர்மின் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். உப்பு கரைந்து தரும் சோடியம் அந்த விலக்கத்தை மறைத்துவிடுவதால் சாயம் நூலை நெருங்க முடிகிறது. பிறகு சோடா ஆஷ் காரத்தை ஏற்றி, சாயத்தை நூலோடு பிணைக்கிறது. பிணைந்தபின் உப்புக்கு வேலையில்லை. போட்டது போட்டபடி தண்ணீரில் நிற்கும்.

இதையே பெரிய மெஷினுக்குக் கணக்குப் போடுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னேன். 300 கிலோ துணி, எட்டு மடங்கு தண்ணீர், 2,400 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் என்றால் 144 கிலோ உப்பு. ஒரு மெஷினில், ஒரு பேட்சில். ஒரு கிராம்கூடத் துணியோடு ஏற்றுமதியாவதில்லை. 144 கிலோவும் ஊரிலேயே இருக்கும். அரங்கில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது அந்த இடத்தில்தான். திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் நொய்யலைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

லேபில் நான் கவனித்த இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டர்க்காய்ஸ் நீலம், கறுப்பு, அடர்சிவப்பு போன்ற நிறங்களில் பிணையாத சாயம் துணியில் தங்கிக்கொண்டு, துவைக்கும்போது வெள்ளைத் துணியில் இறங்கும். அதை அடக்கக் கடைசிக் குளியலில் டை ஃபிக்ஸர் என்று ஒரு ரசாயனம் போடுவோம். அது நேர்மின் கொண்டது. எதிர்மின் கொண்ட துணியையும் சாயத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதனாலேயே ஒரு தொல்லை உண்டு. ஃபிக்ஸர் ஏறிய துணிக்கு நிறம் சரியில்லை என்று மறுபடி சாயம் போடப் போனால், உப்பே இல்லாமல் சாயத்தைத் தாறுமாறாக இழுத்துக்கொண்டு திட்டுத் திட்டாகிவிடும். முதலில் ஃபிக்ஸரை உரித்தெடுத்துவிட்டுத்தான் மறுசாயம். லேபில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த சாதாரண விஷயம் இது. யாரும் எழுதி வைத்ததில்லை.

2011 ஜனவரி 28 அன்று, திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை அடைந்தால்தான் திறக்கலாம் என்பது நிபந்தனை. நொய்யலின் கீழே ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகள் நெடுங்காலமாக வழக்கு நடத்தி வந்தார்கள். அவர்கள் கிணறுகளில் இறங்கியிருந்தது எங்கள் உப்பு. எனக்கு வேலை போனது. உத்தரவு தவறு என்று அன்றும் எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. 144 கிலோ கணக்கைத் தினமும் கையால் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அதன்பின் கொஞ்ச காலம் இன்சூரன்ஸ் பாலிசி விற்றேன். மேடைப் பேச்சுகளில், எந்த அனுபவமும் வீண்போகாது என்று சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. அந்தக் காலம் அரிசிக்கு உதவியது, வேறெதற்கும் உதவவில்லை. மாணவர்களிடமும் இதை மறைக்காமல் சொன்னேன். வளைந்து போகிற வழியில் சில வளைவுகள் வெறும் வளைவுகள்தான்.

பிறகு கேன் தண்ணீர் கம்பெனிகளுக்கு ஆர்.ஓ. சர்வீஸ் பார்க்கும் ஒருவரிடம் சேர்ந்தேன். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது, உப்பும் சுண்ணாம்பும் அதிகம். அதை அழுத்தம் கொடுத்து மெம்பரேன் வழியே தள்ளினால் நல்ல தண்ணீர் ஒரு பக்கமும் உப்பு செறிந்த தண்ணீர் இன்னொரு பக்கமும் வரும். அந்தச் செறிந்த தண்ணீரை ரிஜெக்ட் என்போம். அங்கே என் முதலாளி சொல்லிக்கொடுத்தது, மெம்பரேன் கெட்டுப்போனால் எப்படிக் கெட்டுப்போனது என்று வெளியிலிருந்தே கண்டுபிடிப்பது.

தண்ணீர் வரிசையாகப் பல மெம்பரேன்களைக் கடந்து போகும். போகப் போக உப்பு செறியும். ஆகவே சுண்ணாம்பு படிவது கடைசி மெம்பரேன்களில். அங்கே வரும் நல்ல தண்ணீரிலும் உப்பு கூடும். கழற்றித் தூக்கினால் கனம் தெரியும், தராசில் வைத்துப் புதியதோடு ஒப்பிட்டால் சந்தேகமே இருக்காது. சேறும் பாசியும் பிடிப்பது முதல் மெம்பரேன்களில். அப்போது உள்ளே போகும் அழுத்தத்துக்கும் வெளியே வரும் அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம் ஏறும், ஏனென்றால் தண்ணீர் போகும் சந்தே அடைபடுகிறது. "கேஜைப் பாருங்க, மெம்பரேனைப் பார்க்காதீங்க" என்பார் அவர். கழற்றிப் பார்ப்பதற்கு முன் எங்கே, எதனால் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை.

திருப்பூரில் பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆர்.ஓ. தெரிந்த ஆள் ஒவ்வொரு பட்டறைக்கும் தேவைப்பட்டது. சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருந்த ஒரு பட்டறையில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். சாயக்கழிவுநீரில் லிட்டருக்கு 5,000 முதல் 7,000 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கும். வெளியே விட அனுமதிக்கும் அளவு 2,100. நுண்ணுயிர்த் தொட்டி சாயத்தையும் சோப்பையும் ஓரளவு தின்னும், உப்பைத் தொடாது. அதற்கு ஆர்.ஓ. வேண்டும். ஆர்.ஓ. நல்ல தண்ணீரைப் பட்டறைக்குத் திருப்பி அனுப்பும். ரிஜெக்டை மேலும் சில கட்டங்களில் செறியவைத்து ஆவியாக்கி உப்பாக்க வேண்டும். ஆவியாக்குவதுதான் செலவு. ஆர்.ஓ.வில் நல்ல தண்ணீர் குறைந்தால், அந்தக் குறைவு முழுதும் விறகாகவும் நிலக்கரியாகவும் முதலாளி தலையில் விடியும்.

அப்படி ஒரு மார்கழியில் குறைந்தது. முதல்கட்ட ஆர்.ஓ.வுக்கு மணிக்கு 25,000 லிட்டர் கொடுத்தால் 17,500 லிட்டர் நல்ல தண்ணீர் வரும். சில வாரங்களில் அது 14,000-க்கு வந்துவிட்டது. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

முதலில் எல்லோரும் சொன்னது, தண்ணீர் குளிர்ந்துவிட்டது என்று. அதில் உண்மை உண்டு. தண்ணீர் குளிர்ந்தால் அதன் பிசுக்கு கூடி மெம்பரேனில் மெதுவாக இறங்கும். எங்களோடு சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.டெக். முடித்த ஒரு பெண் வேலை பார்த்தார். பள்ளியிலிருந்தே தண்ணீர்த் துறைக்கென்று நேராக வந்தவர். அவர் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தார். ஒரு டிகிரி குறைந்தால் சுமார் மூன்று சதவீதம் நீர்வரத்து குறையும். 33 டிகிரியாக இருந்த தண்ணீர் 31 ஆகியிருந்தது. "குளிரால குறைஞ்சது ஆறு சதவீதம்தாங்க அண்ணா. மீதிப் பதினாலுக்கு வேற காரணம் இருக்கு" என்றார். அந்தக் கணக்கை நான் போட்டிருக்க மாட்டேன். அப்படிப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் சர்வீஸ் வேலையில் எனக்கு வரவில்லை.

அடுத்து, தண்ணீரில் தூசி போகிறதா என்று பார்த்தோம். இதற்கு ஒரு சோதனை உண்டு. ஆர்.ஓ.வுக்குப் போகும் தண்ணீரை 0.45 மைக்ரான் வடிதாள் வழியே 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் விட வேண்டும். முதல் 500 மில்லி இறங்க ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும். தண்ணீரை ஓடவிட்டு, 15 நிமிடம் கழித்து அடுத்த 500 மில்லிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு முதலில் 30 விநாடி, பிறகு 50 விநாடி.

(1 − 30/50) × 100 ÷ 15 = 2.7

இந்த எண் ஐந்தைத் தாண்டினால் ஆர்.ஓ.வுக்கு ஆகாது, மூன்றுக்குக் கீழே இருந்தால் நல்லது. 2.7 நல்ல தண்ணீர். தூசி இல்லை.

கேஜ்களைப் பார்த்தேன். அழுத்த வித்தியாசம் ஏறவே இல்லை. அப்படியானால் சேறும் இல்லை, பாசியும் இல்லை. கடைசி வரிசை வெசல்கள் பழைய அளவிலேயே நல்ல தண்ணீர் கொடுத்தன, அதில் உப்பும் கூடவில்லை. அப்படியானால் சுண்ணாம்பும் இல்லை. குறைந்தது முன்வரிசை வெசல்களில் மட்டும். சந்து அடைபடாமல், மெம்பரேனின் தோலில் மட்டும் ஏதோ ஒன்று மெல்லிசாகப் படிந்து மூடுகிறது என்று அர்த்தம். தண்ணீரில் கரைந்த ஒன்று. அதனால்தான் வடிதாளில் சிக்கவில்லை.

காரத்தில் கழுவினோம், பிறகு அமிலத்தில் கழுவினோம். இந்த வரிசை முக்கியம். எண்ணெயும் சாயமும் போன்ற கரிமப் பொருள்கள் படிந்த மெம்பரேனில் முதலில் அமிலம் விட்டால் அவை இன்னும் இறுகிவிடும். கழுவியபின் கொஞ்சம் ஏறியது, சில நாளில் மறுபடி இறங்கியது. ஆன்டிஸ்கேலன்ட் விற்பவர் வந்து பிராண்டை மாற்றச் சொன்னார். அவர் சொன்னதை ஒதுக்கினோம், சுண்ணாம்பே இல்லாத இடத்தில் சுண்ணாம்பு மருந்தை மாற்றி என்ன பயன்?

இந்த இடத்தில்தான் லேப் வந்து சேர்ந்தது. ஆர்.ஓ. மெம்பரேனின் தோல் பாலிஅமைடு. தண்ணீரில் அதன் மேற்பரப்பும் எதிர்மின் கொண்டது. இதை அந்த எம்.டெக். படித்த பெண் பேச்சுவாக்கில் சொன்னார். எனக்கு உடனே பருத்தி ஞாபகம் வந்தது. எதிர்மின் கொண்ட பருத்தியை எது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். பட்டறைக்குப் போய் அந்த மாதத்து பேட்ச் கார்டுகளைக் கேட்டேன். டையிங் மேனேஜர் கார்டுகளைக் கொடுத்துவிட்டு, "ஈ.டி.பி. ஆளுக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை.

பக்கம் பக்கமாக டர்க்காய்ஸ். பெரிய ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 300 கிலோ பேட்சுக்கு ஒன்றரை சதவீத ஃபிக்ஸர், நாலரை கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு துணியில் ஏறாமல் நின்றாலும் 900 கிராம் சாக்கடைக்கு வரும். வழக்கமாக இது பெரிய தொல்லை தராது. கழிவுநீரில் பிணையாத சாயம் ஏராளம், அதுவும் எதிர்மின். ஃபிக்ஸர் அதைப் பிடித்துக்கொண்டு கசடாக இறங்கிவிடும். ஆனால் எங்கள் பட்டறையில் உப்பு அதிகமுள்ள சாயக்குளியலுக்கு ஒரு குழாய், கழுவிய தண்ணீருக்கு ஒரு குழாய் என்று பிரித்திருந்தோம். உப்பைத் திரும்ப எடுக்க அது நல்ல ஏற்பாடு. ஃபிக்ஸர் கடைசிக் குளியலில் போடுவதால் கழுவிய தண்ணீர்க் குழாயில் போனது. பல கழுவல்கள் கலந்து நீர்த்துப்போன அந்தத் தண்ணீரில் ஃபிக்ஸருக்குப் பிடிமானமாகச் சாயம் போதவில்லை. நுண்ணுயிர்த் தொட்டியையும் கடந்து வந்து, முதலில் தென்பட்ட எதிர்மின் பரப்பில் உட்கார்ந்தது. அதுதான் முன்வரிசை மெம்பரேன்.

இது என் ஊகம். நிரூபிக்க வேண்டும். ஃபிக்ஸரை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. பட்டறை லேபில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, வெள்ளைப் பருத்தித் துணியில் 5 கிராம் துண்டுகள் இரண்டு வெட்டினேன். ஒன்றை ஆர்.ஓ.வுக்குப் போகும் தண்ணீரில், ஒன்றை நல்ல தண்ணீரில் போட்டு வெதுவெதுப்பாகச் சுழலவிட்டேன். முதல் துண்டின் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினேன், குறைவாக இருக்கும் பொருளும் துணியில் சேர்ந்துகொண்டே வரட்டும் என்று. இரண்டையும் நன்றாக அலசினேன், உப்பு ஒட்டியிருந்தால் சோதனை கெட்டுவிடும். பிறகு இரண்டையும் ஒரே நீர்த்த ரியாக்டிவ் சாயத்தில், உப்பும் சோடாவும் போடாமல் நனைத்து எடுத்து, வெந்நீரில் அலசினேன். உப்பில்லாமல் பருத்தி சாயம் பிடிக்காது. நல்ல தண்ணீரில் கிடந்த துண்டு கிட்டத்தட்ட வெள்ளையாகத் திரும்பி வந்தது. மற்றது நீலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. விளக்குப் பெட்டியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து டையிங் மேனேஜரைக் கூப்பிட்டேன். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "ஃபிக்ஸர்ங்க" என்றார்.

அதற்குப் பிறகு செய்தது எளிது. ஃபிக்ஸர் குளியலை மட்டும் தனியே ஒரு சின்னத் தொட்டிக்குத் திருப்பினோம். அதே பட்டறையின் முதல் சோப்புக் கழுவல் தண்ணீரை, அடர் நிறமாகச் சாயம் நிறைந்திருப்பதை, அதில் கலந்தோம். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக் கசடாக இறங்கின. தெளிந்த தண்ணீரில் மறுபடி வெள்ளைத் துணிச் சோதனை செய்து, நிறம் ஏறவில்லை என்று உறுதியானபின்தான் அதைப் பெரிய தொட்டிக்கு விட்டோம். டையிங் மேனேஜர் தன் பக்கத்தில் சோப்புக் கழுவலில் வெப்பத்தையும் நேரத்தையும் கூட்டினார். பிணையாத சாயத்தை ஒழுங்காகக் கழுவி எடுத்தால் ஃபிக்ஸரின் அளவையே குறைக்கலாம், பல இடங்களில் சரியாகக் கழுவாததை மூடி மறைக்கத்தான் ஃபிக்ஸரைக் கூட்டிப் போடுகிறார்கள். நீர்வரத்து இறங்குவது நின்றது. ஆனால் ஏற்கெனவே மூடிய முன்வரிசை மெம்பரேன்கள் கழுவியும் முழுதாக மீளவில்லை. அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று.

மாணவர்களிடம் இதைச் சொல்லி முடித்ததும், இதில் எந்தப் பங்கு எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கச் சொன்னேன். கேஜைப் படித்தது கேன் தண்ணீர் வேலை. துணித்துண்டுச் சோதனை லேப். குளிரின் பங்கைக் கழித்ததும் பாலிஅமைடின் மின்தன்மையைச் சொன்னதும், நேர்வழியில் படித்து வந்த என் சகா. அவர் இல்லாமல் நான் பருத்தியை நினைத்திருக்க மாட்டேன். நான் இல்லாமல் அவர் பேட்ச் கார்டைத் தேடிப் போயிருக்க மாட்டார், டர்க்காய்ஸ் என்றால் ஃபிக்ஸர் என்பது அவர் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை. வளைந்து வந்தவர்தான் சிறந்தவர் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள் என்றும் சொன்னேன். சுத்திகரிப்பு நிலையங்களில் இருவரும் வேண்டும்.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்தார். "சார், ஒரு சொட்டும் வெளிய போகலைன்னா அந்த 144 கிலோ உப்பு இப்ப எங்க போகுது?" என்று கேட்டார். அன்று எனக்குக் கிடைத்த நல்ல கேள்வி அது. சோடியம் சல்பேட் என்ற கிளாபர் உப்பைப் பயன்படுத்தும் இடங்களில், செறிந்த கரைசலைக் குளிரவைத்தால் அந்த உப்பு படிகமாகப் பிரிந்துவிடும், குளிரில் அதன் கரைதிறன் வெகுவாகக் குறைவதால். அதைத் திரும்பச் சாயத்துக்கே போடுகிறோம். செறிந்த உப்புநீரை அப்படியே திரும்பப் பயன்படுத்தும் முறையும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் கடைசியில் குளோரைடும் சல்பேட்டும் கடினத்தன்மையும் சாய எச்சமும் சேர்ந்த ஒரு கலப்பு உப்பு மிஞ்சுகிறது. அது சாயத்துக்கும் ஆகாது, வேறெதற்கும் எளிதில் ஆகாது. மூட்டை கட்டி, மழை படாமல் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறோம். நொய்யலுக்குப் போகவில்லை என்பது நிம்மதி. அதற்கு ஒரு வழி யாராவது கண்டுபிடித்தாக வேண்டும் என்பது கவலை. வேதியியல் படித்த ஆளுக்கு அந்தக் கொட்டகையில் வேலை இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

இன்னொரு மாணவர், எங்களைப் போன்றவர்களை வேலைக்கு எடுக்கும்போது என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டார். இப்போது ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. முன்பு வேலை பார்த்த இடத்தில் தண்ணீர் எங்கே உள்ளே வந்தது, எங்கே வெளியே போனது, இடையில் அதில் என்ன சேர்ந்தது என்று கேட்பேன். முன்பு வேலையே பார்க்காதவரிடம், கல்லூரி ஆய்வகத்துச் சாக்கடை எங்கே போகிறது என்று கேட்பேன். அண்மையில் பால் பண்ணை ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். ஆர்.ஓ. பார்த்ததே இல்லை, வணிகவியல் பட்டம். பால் சூடாக்கும் தகடுகளை முதலில் காரத்தில் கழுவிக் கொழுப்பையும் புரதத்தையும் எடுத்துவிட்டு, பிறகு அமிலம் விட்டுப் பால்கல்லைக் கரைப்போம் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னார். எந்த வெப்பம், எவ்வளவு நேரம், கழுவி முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள் என்று கேட்டதற்கும் பதில் வைத்திருந்தார். மெம்பரேனுக்கு அவ்வளவு சூடு ஆகாது என்பது மட்டும்தான் நாங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் நிலையத்தில் மெம்பரேன் கழுவும் பொறுப்பு இப்போது அவரிடம் இருக்கிறது.